தேங்கிய டிக்கெட்டுகள்: எதற்குப் பதில், எதை மேலே அனுப்புவது, எதை மூடுவது

ஜி.எஸ்.டி. பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவை எடுத்துக்கொள்வோம். மாதத்தின் 8ஆம் தேதி காலையில் 240 டிக்கெட்டுகள் திறந்த நிலையில் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் கடைசி நாள் 11ஆம் தேதி என்பதால், இன்னும் மூன்று நாட்களில் இந்தக் குவியலில் ஒரு பகுதிக்குப் பதில் சொல்வதில் பொருளே இல்லாமல் போய்விடும். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் வழிகள் மூன்றுதான்: பதில் சொல்லலாம், பொறியாளர்கள் இருக்கும் எல்2 அணிக்கோ மேலாளருக்கோ எஸ்கலேட் செய்யலாம், அல்லது மூடலாம். இந்த மூன்றில் எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதை, இந்த எடுத்துக்காட்டையே கடைசி வரை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எந்த வரிசையில் படிப்பது

மூன்று வழிகளை ஒப்பிடுவதற்கு முன், எந்த டிக்கெட்டை முதலில் எடுப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலான அணிகள் பழையதிலிருந்து தொடங்குகின்றன. முதலில் வந்தவருக்கு முதலில் பதில் என்பது நியாயமாகத் தோன்றுகிறது. சராசரி வயது குறைவதை அறிக்கையிலும் காட்ட முடிகிறது. ஆனால் இந்தத் துறையில் டிக்கெட்டின் வயதுக்கும் அதன் அவசரத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. இ-இன்வாய்ஸ் ஒன்றைப் போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் உண்டு. நேற்று மாலை 5 மணிக்கு உருவான இன்வாய்ஸை ரத்து செய்ய முடியவில்லை என்று நேற்று இரவு எழுதியவரின் டிக்கெட், குவியலில் ஏறக்குறைய மிகப் புதியது. இன்று மாலை 5 மணிக்கு அதன் ஆயுள் முடிந்துவிடும். லாரி வழியில் பழுதாகி நிற்க, இ-வே பில்லின் காலத்தை நீட்டிக்க முடியாமல் தவிப்பவரின் நிலையும் இதுவே. காலாவதிக்கு முன் 8 மணி நேரமும், பின் 8 மணி நேரமும் மட்டுமே நீட்டிப்புக்கு இடம் உண்டு.

அப்படியானால் புதியதிலிருந்து தொடங்கலாமா என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது. ஆண்டு விற்பனை 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் அதை இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் ஏற்றியாக வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 26 நாட்களுக்கு முன் எழுதப்பட்ட, போர்ட்டல் இன்வாய்ஸுக்குத் தரும் குறியீடான ஐ.ஆர்.என். உருவாகவில்லை என்ற ஒரு புகார், புதியவற்றைப் பார்த்து முடிப்பதற்குள் காலாவதியாகிவிடும். அதன்பின் வாடிக்கையாளர் அந்த எண்ணில் அந்த இன்வாய்ஸை ஏற்றவே முடியாது.

ஆகவே நான் பரிந்துரைப்பது, பதில் எதுவும் எழுதாமல் முதலில் எல்லாவற்றையும் ஒரு முறை படித்துவிடுவது. தலைப்பையும் கடைசிச் செய்தியையும் மட்டும் படித்தால், டிக்கெட்டுக்கு ஒரு நிமிடம் என்று 240 டிக்கெட்டுகளுக்கு நான்கு மணி நேரமாகும். இருவர் பிரித்துக்கொண்டால் இரண்டு மணி நேரம். குவியலைக் கண்ட பதற்றத்தில் இந்த இரண்டு மணி நேரம் வீணாகத் தோன்றும். ஆனால் அந்த வாசிப்பின்போது ஒவ்வொரு டிக்கெட்டிலும் இரண்டே குறிப்புகள் இட்டால் போதும்: எந்த நேரத்துக்குப் பிறகு இதைச் சரிசெய்ய முடியாது, அடுத்த அடியை எடுத்துவைக்க வேண்டியவர் யார். மற்ற முடிவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தும் தாமாகவே வந்துவிடுகின்றன.

நமது எடுத்துக்காட்டில் அந்த வாசிப்பு இப்படி முடிந்தது என்று கொள்வோம். சில மணி நேரத்தில் காலாவதியாகக்கூடியவை 9. ஒரே பிழைச் செய்தியைக் குறிப்பிடுபவை 41. 11ஆம் தேதிக்குள் பதில் வேண்டியவை 63. நாம் கடைசியாக எழுதி, பெண்டிங் நிலையில் வைத்திருப்பவை 58. புதிய வசதி கேட்பவை, பயிற்சி கேட்பவை, நன்றி சொல்பவை என்று எஞ்சியவை 68. இவை போக ஒன்றே ஒன்று தனியாக நிற்கிறது: வேறொரு நிறுவனத்தின் இன்வாய்ஸ் தம் திரையில் தெரிவதாக ஒரு வாடிக்கையாளர் சற்று முன் எழுதியிருக்கிறார்.

அந்த ஒன்றைப் பற்றி யோசிக்க எதுவும் இல்லை. வாசிப்பை நிறுத்திவிட்டு அந்த நிமிடமே தொலைபேசியை எடுக்க வேண்டும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, தரவுக் கசிவு போன்ற இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். நிறுவனம் தானே கவனித்த நேரத்தை மட்டுமல்லாமல், பிறர் அதன் கவனத்துக்குக் கொண்டுவந்த நேரத்தையும் அந்த உத்தரவு சொல்கிறது. படிக்கப்படாமல் குவியலில் கிடக்கும் ஒரு டிக்கெட்டுக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். முழு வாசிப்பை முதலில் முடித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பதிலா, எஸ்கலேஷனா: 41 டிக்கெட்டுகளின் கதை

அந்த 41 டிக்கெட்டுகளும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன: இன்வாய்ஸைப் போர்ட்டலுக்கு அனுப்பினால் 2150 என்ற பிழை எண் வருகிறது, ஐ.ஆர்.என். கிடைக்கவில்லை, க்யூ.ஆர். குறியீடு இல்லாமல் சரக்கை அனுப்ப முடியவில்லை. 2150 என்றால் அந்த இன்வாய்ஸுக்கு ஏற்கெனவே ஐ.ஆர்.என். உருவாகிவிட்டது என்று பொருள். விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் 64 எழுத்துக் குறியீடுதான் ஐ.ஆர்.என். என்பதால், அதே எண்ணை இரண்டாம் முறை அனுப்பினால் போர்ட்டல் மறுக்கும். நடந்தது இதுதான்: முதல் முறை அனுப்பியபோது போர்ட்டல் ஐ.ஆர்.என். கொடுத்துவிட்டது, ஆனால் பதில் வந்து சேர்வதற்குள் நமது மென்பொருளின் காத்திருப்பு நேரம் முடிந்துவிட்டது. திரையில் தோல்வி என்று கண்ட வாடிக்கையாளர் மறுபடியும் பொத்தானை அழுத்தினார்.

இங்கே மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, 41 டிக்கெட்டுகளையும் அப்படியே எல்2 அணிக்கு அனுப்பிவிடுவது. அனுப்புபவரின் குவியல் ஐந்து நிமிடத்தில் குறையும். ஆனால் அங்கே இருக்கும் பொறியாளர் 41 உரையாடல்களைத் திறந்து, ஒரே காரணத்தை 41 முறை கண்டுபிடிக்க நேரிடும். அவற்றில் பாதியாவது மென்பொருளின் பதிப்பு எண் என்ன, ஆவண எண் என்ன என்ற கேள்விகளோடு திரும்பி வரும். அப்படித் திரும்பி வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். இரண்டாவது வழி, 41 பேருக்கும் முதல் நிலையிலேயே தனித்தனியாகப் பதில் எழுதி முடித்துவிடுவது. வாடிக்கையாளர்களின் உடனடித் தேவை தீரும். ஆனால் மென்பொருளில் உள்ள கோளாறு யார் கண்ணிலும் படாமல் இருந்துகொண்டு நாளைக்கு இன்னும் 20 டிக்கெட்டுகளைக் கொண்டுவரும்.

மூன்றாவது வழியே சரியானது என்பது என் உறுதியான கருத்து: வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், காரணத்தை மட்டும் எஸ்கலேட் செய்ய வேண்டும். ஒரே ஒரு தாய் டிக்கெட்டைத் திறந்து, 41ஐயும் அதனோடு இணைத்து, அந்த ஒன்றை மட்டும் எல்2 அணிக்கு அனுப்பலாம். அதில் எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள், எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பதிப்பில், எந்த நேரத்தில் என்ற விவரங்களோடு, போர்ட்டலிலிருந்து வந்த மூலப் பதிலையும் சேர்த்தால் திரும்பி வருவதற்கு வேலையே இருக்காது. போர்ட்டல் 2150ஐ அனுப்பும்போது, முன்பு உருவான ஐ.ஆர்.என்.-ஐயும் ஒப்புகை எண்ணையும் தேதியையும் சேர்த்தே அனுப்புகிறது:

```
"InfCd": "DUPIRN",
"Desc": { "AckNo": ..., "AckDt": ..., "Irn": "..." }
```

இந்த இரண்டு வரிகள் எஸ்கலேஷனில் இருந்தால் பொறியாளர் செய்ய வேண்டியது உடனே தெரிந்துவிடும்: மென்பொருள் இதைப் பிழையாகக் காட்டாமல், வந்த ஐ.ஆர்.என்.-ஐ எடுத்து இன்வாய்ஸில் பதிந்துகொள்ள வேண்டும். "இ-இன்வாய்ஸ் வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதி அனுப்பினால் அதே பொறியாளர் போர்ட்டல் இணைப்பிலிருந்து தேடத் தொடங்குவார்.

வாடிக்கையாளருக்கு எழுதும் பதிலில் ஒரு வாக்கியம் மிக முக்கியமானது: அதே விற்பனைக்கு வேறு எண்ணில் புதிய இன்வாய்ஸ் போட வேண்டாம். லாரி வாசலில் நிற்கும்போது பலரும் செய்வது அதைத்தான். அப்படிச் செய்தால் ஒரே விற்பனைக்கு இரண்டு ஐ.ஆர்.என்.-கள் உருவாகி, இரண்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் தாமாகவே போய் நிற்கும். விற்பவரின் வரி இரண்டு மடங்காகத் தெரியும்.

இதனால்தான் இணைத்த 41 டிக்கெட்டுகளையும் ஒரே சொடுக்கில் முடிப்பதில் நான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறேன். தாய் டிக்கெட்டைத் தீர்ந்தது என்று குறித்தால், இணைந்த எல்லாவற்றுக்கும் அதே பதில் போய் எல்லாமே தீர்ந்ததாகும் வசதி ஜென்டெஸ்க் முதலிய கருவிகளில் உண்டு. வசதி நல்லதுதான். ஆனால் 41 பேரில் ஆறு பேர் ஏற்கெனவே புதிய எண்ணில் இன்வாய்ஸ் போட்டுவிட்டார்கள் என்றால், அவர்களுக்கு அந்தப் பொதுப் பதில் போதாது. அவர்களை அடையாளம் காண்பது கடினமல்ல: வாடிக்கையாளரின் இன்வாய்ஸ் பட்டியலில் ஒரே வாங்குபவருக்கு, ஒரே தொகைக்கு, அடுத்தடுத்த எண்களில் இரண்டு இருந்தால் சந்தேகப்படலாம்.

திருப்பூரிலிருந்து பனியன் அனுப்பும் ஒருவரின் டிக்கெட் அந்த ஆறில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 1187 என்ற எண்ணுக்கு 2150 வந்ததும் 1188 என்று புதிதாகப் போட்டு, அதற்கு இ-வே பில்லும் எடுத்துவிட்டார். சரக்கு இன்னும் கிளம்பவில்லை. 1188 உருவாகி 20 மணி நேரம் ஆகிறது. மீதமுள்ள நான்கு மணி நேரத்தில் 1188ஐ ரத்து செய்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் நடப்பில் இ-வே பில் இருக்கும்வரை ஐ.ஆர்.என்.-ஐ ரத்து செய்யப் போர்ட்டல் விடாது. முதலில் இ-வே பில்லை ரத்து செய்து, பிறகு ஐ.ஆர்.என்.-ஐ ரத்து செய்து, பிறகு 1187இன் ஐ.ஆர்.என்.-ஐக் கொண்டு புதிய இ-வே பில் எடுக்க வேண்டும். ஒரு முறை ரத்தான ஆவண எண்ணை மீண்டும் பயன்படுத்த முடியாது என்பதால், பதற்றத்தில் 1187ஐ ரத்து செய்துவிடாமல் இருப்பதும் அவசியம். இந்த மூன்று படிகளை அந்த வரிசையில் தொலைபேசியில் கூடவே இருந்து செய்ய வைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். இதை எல்2 அணிக்கு அனுப்புவது தவறு. அங்கே வரிசையில் நிற்பதற்குள் நான்கு மணி நேரம் கடந்துவிடும்.

24 மணி நேரம் கடந்துவிட்ட ஒருவருக்கோ பதிலின் எல்லை மாறுகிறது. போர்ட்டலில் இனி ரத்து செய்ய முடியாது என்பதையும், இனி செய்வதை ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலின்போதுதான் செய்ய வேண்டும் என்பதையும் நாம் சொல்லலாம். அந்தப் பதிவை நீக்குவதா, கிரெடிட் நோட் போடுவதா என்பது அவருடைய ஆடிட்டர் சொல்ல வேண்டியது. ஆடிட்டர் எந்த வழியைச் சொன்னாலும் அதை நமது மென்பொருளில் எங்கே செய்வது என்பதை இரண்டு வழிகளுக்கும் விளக்கி எழுதிவிட்டால், அது முழுமையான பதில். வரி பற்றிய முடிவை உதவிப் பிரிவு சொல்லிவிட்டு, பின்னர் நோட்டீஸ் வந்தால் யார் பொறுப்பு என்ற சிக்கலைத் தேடிக்கொள்ளத் தேவையில்லை. 11ஆம் தேதிக்குள் பதில் வேண்டிய 63 டிக்கெட்டுகளில் பெரும்பகுதியும் இந்த வகைதான். முதல் நிலையிலேயே எழுதி முடிக்கலாம்.

மூடுவது

மூன்று வழிகளில் மிக எளிதானதும் மிக ஆபத்தானதும் இதுவே. பதில் தவறாக இருந்தால் வாடிக்கையாளர் மறுத்து எழுதுவார். எஸ்கலேஷன் தவறாக இருந்தால் எல்2 அணி திருப்பி அனுப்பும். தவறாக மூடிய டிக்கெட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாமல் போய்விடலாம்.

மூடுவதிலும் ஒப்பிட வேண்டிய முறைகள் உண்டு. 30 நாட்களுக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் ஒரே மொத்தமாக மூடிவிட்டு, இன்னும் சிக்கல் இருந்தால் புதிதாக எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்வது முதல் முறை. குவியல் ஒரே நாளில் பாதியாகும். இது நியாயமான இடங்களும் உண்டு: பொருளின் பழைய பதிப்பே கைவிடப்பட்டு, அதைப் பற்றிய டிக்கெட்டுகள் அனைத்துக்கும் பொருள் இல்லாமல் போயிருந்தால் மொத்தமாக மூடுவதில் பிழையில்லை. ஆனால் நமது துறையில் 30 நாள் என்ற எல்லை, இன்வாய்ஸை ஏற்றும் 30 நாள் கெடுவோடு ஒத்துப்போகிறது. போர்ட்டலின் கதவு அடைபட்டதால் பெரும் சிக்கலில் மாட்டிக்கொண்டவரின் டிக்கெட்டை, அதே வாரத்தில் நாமும் படிக்காமல் மூடுவதாக அது முடியும்.

முன்னறிவிப்பு கொடுத்து மூடுவது இரண்டாம் முறை: பதில் இல்லையென்றால் இத்தனை நாளில் மூடப்படும் என்று எழுதிவிட்டுக் காத்திருப்பது. பெண்டிங் நிலையில் உள்ள டிக்கெட்டுகளுக்கு இது பொதுவாக ஏற்றது. பெண்டிங் என்றால் வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்றுதான் பொருள். கேட்டதற்குப் பதில் வராவிட்டால் மூடுவது நியாயம். நமது 58 டிக்கெட்டுகளையும் இந்த முறையில் ஒரே தொகுப்பாக அனுப்பிவிடத் தோன்றும்.

அதைச் செய்வதற்கு முன் அந்த 58இன் கடைசிச் செய்தியை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்துவது. அவற்றில் பல, "உங்கள் கோப்பை எங்கள் தொழில்நுட்ப அணி பார்த்துவிட்டுத் தெரிவிக்கிறோம்" என்று நாம் எழுதியதோடு முடிந்திருக்கும். எழுதியவர் பதில் நேரக் கணக்கு ஓடாமல் இருக்க, அனுப்பும்போதே பெண்டிங் என்று மாற்றிவிட்டார். பந்து நம் கையில் இருக்கிறது; நிலையோ வாடிக்கையாளரின் கையில் இருப்பதாகக் காட்டுகிறது. அந்த வாடிக்கையாளர் சொன்ன சொல்லை நம்பி அமைதியாகக் காத்திருக்கிறார். அவருக்கு உங்களிடமிருந்து பதில் வராததால் மூடுகிறோம் என்று ஒரு தானியங்கிக் கடிதம் போனால், அதைவிடக் கோபம் தரக்கூடியது வேறு இல்லை. அவர் நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியை நாம் கேட்கவே இல்லை.

கண்டுபிடிக்கும் வழி எளிது. நமது கடைசிச் செய்தியில் வாடிக்கையாளர் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது உண்மையான பெண்டிங். நினைவூட்டல் ஒன்று அனுப்பி, பதில் வராவிட்டால் மூடலாம். இல்லையென்றால் அதைத் திறந்த நிலைக்கு மாற்றி, நம் அணியில் ஒருவர் பெயரில் போட வேண்டும். பார்த்துவிட்டுத் தெரிவிக்கிறோம், சரிபார்க்கிறோம் போன்ற அணியின் வழக்கமான சொற்றொடர்களைக் கருவியின் தேடலில் இட்டாலே பெரும்பாலானவை வெளிவந்துவிடும். 58இல் 21 இப்படி இருந்தால், குவியலின் எண்ணிக்கை குறையாது, அறிக்கையில் திறந்தவை கூடியதாகவே தெரியும். அந்தக் கூடுதல் உண்மையானது. மேலாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எஞ்சிய 68க்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்றிச் செய்திகளை மூடலாம். புதிய வசதி கேட்பவற்றைத் தயாரிப்பு அணியின் பட்டியலில் பதிந்து, இப்போதைக்கு நாள் குறிக்க முடியாது என்று ஒளிக்காமல் எழுதிவிட்டு மூடலாம். வராத ஒன்றுக்காக ஒரு டிக்கெட்டை ஆறு மாதம் திறந்து வைப்பதைவிட, இல்லை என்ற தெளிவான சொல் வாடிக்கையாளருக்கு உதவும். பயிற்சி கேட்பவற்றை 20ஆம் தேதிக்குப் பிறகு, அதாவது ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கலும் முடிந்த பிறகு, நாள் குறித்து எடுத்துக்கொள்ளலாம். நாள் குறித்ததை அவருக்குத் தெரிவிப்பதே இப்போதைய பதில்.

மூடியது சரிதானா என்பதைச் சோதிக்க, பல அணிகள் மீண்டும் திறந்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கையைப் பார்க்கின்றன. இந்த எண்ணை முழுதாக நம்ப முடியாது. ஜென்டெஸ்கில் தீர்ந்தது என்று குறித்த டிக்கெட், அமைப்பை மாற்றாதவரை, 4 நாட்களில் தானாகவே முழுமையாக மூடப்படும். அதன்பின் வாடிக்கையாளர் எழுதினால் பழையது திறக்காது, தொடர்ச்சியாகப் புதிய டிக்கெட் ஒன்று உருவாகும். ஆகவே தவறாக மூடிய ஒன்று, மீண்டும் திறந்தது என்ற கணக்கில் வராமல், புதிதாக வந்தது என்ற கணக்கில் சேர்ந்துவிடும். மூடிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு, மூடியவற்றின் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, அதே நபர்களிடமிருந்து வந்த புதிய டிக்கெட்டுகளையும் தொலைபேசி அழைப்புகளையும் அதனோடு ஒப்பிட வேண்டும். ஒரே பொருளைப் பற்றி மறுபடி எழுதியவர்கள் கண்ணில் பட்டால், அவர்களுடைய பழைய டிக்கெட்டை எந்தக் காரணம் காட்டி மூடினோம் என்று பார்த்து, அந்த வகை முழுவதையும் அன்றே மறுபடி திறந்து படிக்க வேண்டும்.